கடைக்காரர் கிழிக்கும் துணியும் வெட்டும் துணியும்

வேலூர் பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போய் ரவிக்கைக்கு லைனிங் துணி ஒரு மீட்டர் கேளுங்கள். கடைக்காரர் அளந்துவிட்டு, ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு போடுவார். அப்புறம் இரண்டு கையாலும் பிடித்து டர்ரென்று இழுப்பார். துணி ஒரு நூல் பிசகாமல் அந்த ஓரம் வரை நேராகக் கிழிந்துவிடும். அதே கடையில் பேன்ட்டுக்கு டிரில் கேட்டால் கிழிக்க மாட்டார். கத்தரியை வைத்துக் கடைசி வரை வெட்டுவார். சாட்டினுக்கும் கத்தரிதான்.

டிரில் தடிமன், அதனால் கிழியாது என்று தோன்றும். அது பாதிக் காரணம்தான். ஒரே நூலை எடுத்து, அங்குலத்துக்கு ஒரே எண்ணிக்கையில் நீள இழையும் குறுக்கு இழையும் வைத்து, நெசவை மட்டும் சாதா, ட்வில், சாட்டின் என்று மாற்றி மூன்று துணி நெய்தாலும் சாதா நெசவுத் துணிதான் சுலபமாகக் கிழியும். நெருக்கமாகக் கட்டுண்ட துணி முதலில் கிழிகிறது, தளர்வாகக் கட்டுண்ட சாட்டின் பிடிவாதமாக நிற்கிறது. இது ஏன் என்று புரிந்துவிட்டால், துணி விழும் அழகு, பளபளப்பு எல்லாவற்றுக்கும் காரணம் அங்கேயே கிடைத்துவிடும்.

முதலில் மூன்றும் எப்படி நெய்யப்படுகின்றன என்று பார்ப்போம். தறியில் நீளவாக்கில் கட்டியிருப்பது பாவு. தறியில் இங்கும் அங்கும் ஓடும் நாடா குறுக்கே கொண்டுபோவது ஊடை. சாதா நெசவில் ஊடை ஒரு பாவு இழைக்கு மேலே போகும், அடுத்ததற்குக் கீழே போகும், மறுபடி மேலே. அடுத்த வரிசையில் இது அப்படியே தலைகீழ். ஆரணிப் பட்டுச் சேலையின் உடல், குடியாத்தம் கைலி, வேட்டி, லைனிங் துணி, பாப்ளின் எல்லாம் இந்த வகைதான். பாவை இரண்டு அணியாகப் பிரித்து மாற்றி மாற்றித் தூக்கினால் போதும்.

ட்வில் என்பது சாய்வரி நெசவு. ஜீன்ஸ் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு பாவு இழையும் மூன்று ஊடைக்கு மேலே ஓடி, ஒரு ஊடைக்குக் கீழே போய் வரும். அடுத்த பாவு இழையும் அதையேதான் செய்யும், ஆனால் ஒரு ஊடை தள்ளிச் செய்யும். அதற்கடுத்தது இன்னும் ஒன்று தள்ளி. இப்படிப் படிப்படியாகத் தள்ளிப்போவதால் துணியின் மேல் சாய்ந்த கோடுகள் தெரிகின்றன. பாவும் ஊடையும் அங்குலத்துக்குச் சம எண்ணிக்கையில் இருந்தால் கோடு 45 டிகிரியில் இருக்கும். பாவு நெருக்கமாக இருந்தால் கோடு இன்னும் செங்குத்தாக நிமிரும். டிரில், ஜீன், கபர்டின் எல்லாம் இந்தக் குடும்பம்.

சாட்டினில் இழை இன்னும் நீளமாக மேலே ஓடும். ஐந்திழைச் சாட்டினில் பாவு நான்கு ஊடையைத் தாண்டி ஒரே ஒரு ஊடைக்குக் கீழே போகும். எட்டிழை என்றால் ஏழைத் தாண்டி ஒன்றுக்குக் கீழே. ஆனால் ட்வில் போல ஒன்று ஒன்றாகத் தள்ளினால் இதிலும் சாய்கோடு வந்துவிடும். அதைத் தவிர்க்கத்தான் சாட்டினில் இரண்டோ மூன்றோ தள்ளிக் கட்டுவார்கள். கட்டும் புள்ளிகள் ஒன்றையொன்று தொடாமல் சிதறி, பக்கத்து இழைகளின் அடியில் ஒளிந்துகொள்ளும். இதில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. ஆறு இழையில் முறையான சாட்டின் நெய்யவே முடியாது. இரண்டு தள்ளினால் மூன்று வரிசையில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும், பாதி இழைகள் கட்டப்படாமலே தொங்கும். மூன்று தள்ளினால் இரண்டே வரிசையில் திரும்பிவிடும். நான்கு தள்ளினாலும் இரண்டின் கதைதான். ஒன்றும் ஐந்தும் தள்ளினால் ட்வில் கோடு வந்துவிடும். அதனால்தான் சாட்டின் ஐந்து, ஏழு, எட்டு என்றே வருகிறது.

இப்போது ஒரே ஒரு ஊடை இழையை மட்டும் பின்தொடர்வோம். அது 40 பாவு இழைகளைக் கடந்து போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழேயோ கீழிருந்து மேலேயோ எத்தனை தடவை அது மாறுகிறது? சாதா நெசவில் 40 தடவை. மூன்றுக்கு ஒன்று ட்வில்லில் நான்கு இழைக்கு இரண்டு தடவை, ஆக 20. ஐந்திழைச் சாட்டினில் 16. எட்டிழையில் 10. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். துணியின் குணத்தில் பெரும்பகுதி இதிலிருந்துதான் பிறக்கிறது.

கிழிவது முதலில். கடைக்காரர் இழுக்கும்போது, கிழிசலின் முனையில் இருக்கும் பாவு இழைதான் பாரத்தை வாங்குகிறது. சாதா நெசவில் அந்த இழை ஒவ்வொரு ஊடையிலும் மடங்கிச் சிக்கியிருப்பதால் இம்மி நகர முடியாது. பக்கத்து இழையும் அதன் உதவிக்கு வர முடியாது. தனியாக நின்று அறுந்துபோகிறது. அடுத்த இழை முன்னால் வருகிறது, அதுவும் தனியாக அறுகிறது. காதில் விழும் அந்த டர் சத்தம் இழைகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுவதுதான். சாட்டினில் கட்டு குறைவு என்பதால் முனையில் உள்ள இழைகள் வழுக்கி நகர்ந்து ஒன்றுகூடுகின்றன. தேர் வடத்தைப் பலர் சேர்ந்து பிடிப்பதைப் போல, நாலைந்து இழைகள் சேர்ந்து பாரத்தை வாங்குகின்றன. அவ்வளவையும் சேர்த்து அறுத்தால்தான் கிழிசல் ஒரு படி முன்னேறும். அதனால் அது நேராகவும் போகாது, விட்டு விட்டு இழுத்து, சில சமயம் பக்கவாட்டில் திரும்பிவிடும். கடைக்காரர் சாட்டினை வெட்டுவதற்குக் காரணம் இதுதான். ட்வில் இரண்டுக்கும் நடுவில்.

இழை நகர முடிவதுதான் கிழியாமல் காக்கிறது என்றால், நகரவிடாமல் செய்யும் எதுவும் துணியைக் கிழியவைக்கும். இதை நம்ம ஊர்க்காரர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். கஞ்சி போட்டு மொடமொடவென்று இஸ்திரி போட்ட பழைய வேட்டியில் ஒரு ஆணி மாட்டினால், கஞ்சி போடாத அதே வேட்டியைவிட நீளமாகக் கிழியும். கஞ்சி இழைகளைக் கடக்கும் இடங்களில் ஒட்டிவிடுகிறது. நகரும் சுதந்திரம் போய்விடுகிறது. சுருக்கம் விழாது என்று சொல்லி விற்கும் பருத்திச் சட்டைகளில் போடும் ரெசின் பூச்சுக்கும் இதே குறை உண்டு. அதுவும் கிழிசல் தாங்கும் திறனைக் குறைக்கும்.

சரி, அப்படியானால் சாட்டின்தான் பலமான துணியா? இல்லை. பலம் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது ஒன்றல்ல. கிழிசலைத் தாங்குவது ஒன்று. இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் தாங்குவது வேறு. தேய்மானத்தைத் தாங்குவது இன்னொன்று. தையலோரத்தில் இழை விலகாமல் நிற்பது இன்னும் ஒன்று. ஒன்றில் ஜெயிக்கும் நெசவு மற்றொன்றில் தோற்கும்.

நேராக இழுக்கும்போது அந்தத் திசையில் உள்ள இழைகள் எல்லாம் சேர்ந்தே பாரத்தை வாங்குகின்றன. அதனால் ஒரே நூல், ஒரே எண்ணிக்கை என்றால் மூன்று நெசவுக்கும் பெரிய வித்தியாசம் வராது. வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், எத்தனை இழையை உள்ளே திணிக்க முடியும் என்பதில். ஒரு நூலை அங்குலத்துக்கு 100 இழை பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி அடுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். சாதா நெசவில் இழைக்கு இழை நடுவே ஊடை மேலும் கீழும் போக இடம் விட வேண்டும். ஆக 50 பாவுதான் நெய்ய முடியும். ட்வில்லில் நான்கு இழைக்கு இரண்டு இடம் விட்டால் போதும். நான்கை ஆறால் வகுத்தால் சுமார் 67. ஐந்திழைச் சாட்டினில் ஐந்தை ஏழால் வகுக்க வேண்டும், சுமார் 71. எட்டிழையில் 80. பாவு இழைகளின் இடைவெளியைக் காக்கும் அச்சின் எண்ணை நெசவாளர்கள் முடிவு செய்ய உதவும் பழைய கணக்கு இது. நடைமுறையில் நூலின் முறுக்கும் பாவின் விறைப்பும் இதைக் கொஞ்சம் மாற்றும், ஆனால் வரிசை மாறாது.

டிரில்லின் உழைப்புக்கு இதுதான் அடித்தளம். அதே நூலில் பாப்ளினைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இழையைத் திணிக்கலாம். அத்தனை திணித்தும் துணி அட்டையாக விறைக்காது. மருத்துவமனையின் வெள்ளைக் கோட்டுக்கும், காவலாளி பேன்ட்டுக்கும், ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தைக்கும் ஷூவின் உள்துணிக்கும் டிரில் பொருந்துவது இதனால்தான். ஷூவுக்குள் துணி நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஒரே இடத்தில் மடங்குகிறது, குதிகாலில் உரசுகிறது. மடங்க இளக்கமும் வேண்டும், உரசலைத் தாங்க நெருக்கமும் வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் நெசவு ட்வில்தான் என்பது என் கருத்து.

தேய்மானத்தில் சாட்டின் மோசம். நீளமாக மேலே ஓடும் இழை எதிலும் மாட்டும். மோதிரம், கொலுசு, ஹேண்ட்பேக் ஜிப், வெடித்த குதிகால், எது பட்டாலும் ஒரு இழை தூக்கிக்கொள்ளும். அறுந்தால் முடி முடியாக நிற்கும். சாதா நெசவில் ஒவ்வோர் இழையும் உடனுக்குடன் உள்ளே போய்விடுவதால் மாட்ட இடமில்லை. கைலி தினமும் கல்லில் அடித்துத் துவைத்தும் தாக்குப்பிடிப்பது இதனால். ஆனால் அதே கைலி கடைசியில் எப்படிப் போகிறது என்று பாருங்கள். குந்துகிற இடத்தில் இழை தேய்ந்து மெலிந்துகொண்டே வரும். வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடம் சல்லடையாகத் தெரியும். அப்புறம் ஒரு நாள் குந்தும்போது பட்டென்று ஒரு ஜான் நீளத்துக்கு நேர்க்கோட்டில் விடும். தேய்மானத்தை வருடக்கணக்கில் தாங்கிய நெசவு, ஒரு இழை அறுந்ததும் கிழிசலைத் தடுக்க முடியாமல் விட்டுவிடுகிறது. இரண்டும் ஒரே காரணத்தின் விளைவு. அதனால் சல்லடை தெரியும்போதே உள்பக்கம் ஒரு துண்டு வைத்துத் தைத்துவிட்டால் இன்னும் சில மாதம் ஓடும். கிழிந்த பிறகு தைத்தால் தையலுக்குப் பக்கத்திலேயே அடுத்த கிழிசல் வரும்.

இனி துணி விழும் அழகு. துணியை ஒரு தட்டின் மேல் வைத்துத் தொங்கவிட்டால் எவ்வளவு மடிந்து விழுகிறது என்று சோதனைக்கூடங்களில் அளப்பார்கள். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத் துணியை 18 சென்டிமீட்டர் தட்டின் மேல் விரித்து, மேலிருந்து விழும் நிழலின் பரப்பைக் கணக்கிடுவார்கள். நிழல் சின்னதாக இருந்தால் துணி நன்றாகத் துவண்டு விழுகிறது என்று அர்த்தம். வட்டத் துணி எல்லாப் பக்கமும் மடிய வேண்டுமென்றால் சதுரமாகக் கடக்கும் இழைகள் சாய்சதுரமாக நழுவ வேண்டும். கட்டு அதிகமானால் நழுவல் குறையும். ஆகவே ஒரே நூல், ஒரே எண்ணிக்கை என்றால் சாட்டின் முதலில் துவளும், அடுத்து ட்வில், கடைசியில் சாதா.

ஆனால் கடையில் யாரும் ஒரே எண்ணிக்கையில் விற்பதில்லை. சாட்டினில் இழையைத் திணித்துத் திணித்து நெய்தால் துணி கனத்து, பெரிய பெரிய மடிப்பாக நிமிர்ந்து நிற்கும். கவுனுக்குப் பயன்படும் தடித்த சாட்டின் அப்படித்தான் நிற்கிறது. சாதா நெசவாக இருந்தாலும் நூல் மெல்லியதானால் துணி தண்ணீராக வழியும். ஆரணிப் பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நெசவு சாதாதான், கட்டு மிக அதிகம். ஆனாலும் கொசுவம் வைத்தால் படிந்து விழுகிறது. பட்டு இழை மெல்லியது, பசை நீக்கிய பிறகு வழவழப்பானது, அதனால் கடக்கும் இடத்தில் எளிதாக நழுவுகிறது. அதே சேலையில் ஜரிகைக் கரை மட்டும் விறைத்து நிற்பதற்குக் காரணமும் இழைதான். நூல் எவ்வளவு மெல்லியது என்பதைக் கேட்காமல் நெசவின் பெயரை மட்டும் வைத்துத் துணி எப்படி விழும் என்று சொல்ல முடியாது.

பளபளப்புக்கு வருவோம். ஒளி ஒரு பரப்பில் பட்டு ஒரே திசையில் திரும்பினால் மினுங்கும், நாலாபக்கமும் சிதறினால் மங்கும். சாதா நெசவில் ஒவ்வோர் இழையும் குட்டிக் குட்டி வளைவாக ஏறி இறங்குகிறது. ஒளி ஒவ்வொரு வளைவிலும் வெவ்வேறு பக்கம் சிதறும். சாட்டினில் இழை நீளமாக நேராகப் படுத்திருக்கிறது, பக்கத்து இழையும் அதே திசையில் படுத்திருக்கிறது. ஒளி மொத்தமாகத் திரும்புகிறது. அதனால்தான் சாட்டினைக் கையில் பிடித்துத் திருப்பினால் பளிச்சென்று இருந்த இடம் சட்டென்று இருண்டுவிடுகிறது. தையல்காரருக்கு இது முக்கியம். ரவிக்கையின் ஒரு கையைத் தலைகீழாக வெட்டிவிட்டால், ஒரே தானில் எடுத்த துணியானாலும் இரண்டு கையும் இரண்டு நிறமாகத் தெரியலாம். எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வைத்து வெட்டுவதே பத்திரம். கூடுதல் துணி பிடிக்கும், வேறு வழியில்லை.

பட்டும் பாலியெஸ்டரும் நீண்ட இழையாகவே வருபவை, சாட்டினாக நெய்தால் கண்ணாடியாக மின்னும். பருத்தி குட்டை நார்களைத் திரித்த நூல் என்பதால் அதே நெசவிலும் மென்மையான ஒளிதான் தரும். இதைக் கூட்டத்தான் பருத்திச் சாட்டினுக்கு மெர்சரைஸ் செய்கிறார்கள். காரத்தில் நனைத்து இழுத்துப் பிடிக்கும்போது நார் உப்பி உருண்டையாகி ஒளியை நன்றாகத் திருப்புகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, ஆரணிச் சேலை பிடித்தவர்களுக்கு இது பிடிக்கும். மயில்கழுத்து நிறம் என்கிறோமே, அதற்குப் பாவு நீலமும் ஊடை பச்சையும் போல இரண்டு நிறம் வைத்து நெய்கிறார்கள். சாதா நெசவில் மேற்பரப்பில் பாவும் ஊடையும் பாதிக்குப் பாதி தெரியும். நடக்கும்போது மடிப்பின் ஒரு பக்கம் ஒரு நிறமும் மறுபக்கம் இன்னொரு நிறமும் எழுந்து வரும். அதே இரண்டு நிறத்தில் ஐந்திழைச் சாட்டின் நெய்தால் மேற்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு பாவுதான். ஊடையின் நிறம் பின்பக்கம் போய்விடும், மயில்கழுத்து காணாமல் போகும். ஜீன்ஸை உள்புறம் திருப்பிப் பார்த்தால் வெளுப்பாக இருப்பதும் இதே கணக்கு. நீலப் பாவு முக்கால் பங்கு வெளியே, வெள்ளை ஊடை முக்கால் பங்கு உள்ளே. மின்னுவது சாட்டின் என்றால், இரண்டு நிறம் மாறி மாறி ஆடுவது சாதா நெசவுக்குப் பொருந்துவது. எனக்கு இரண்டாவதுதான் பெரிய அழகு.

கையில் இருக்கும் துணி எந்த நெசவு என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வெட்டிய ஓரத்திலிருந்து ஒரு இழையை ஊசியால் மெதுவாக உருவி, நீட்டாமல் விரல் மேல் வையுங்கள். சாதா நெசவு என்றால் அது நெளிநெளியாக, அடுத்தடுத்து வளைந்திருக்கும். ட்வில் என்றால் வளைவுகள் தள்ளித் தள்ளி இருக்கும். சாட்டின் இழை கிட்டத்தட்ட நேராக, அங்கங்கே ஒரு சிறு மடிப்போடு வரும். உருவும்போதே சாட்டின் இழை வழுக்கிக்கொண்டு வந்துவிடும், பாப்ளின் இழை பிடித்துக்கொண்டு பாதியில் அறுந்துவிடும்.

சாட்டின் வாங்கும்போது இன்னொரு சோதனையும் செய்ய வேண்டும். துணியை இரண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நெருக்கமாகப் பிடித்து, எதிரெதிர்த் திசையில் அழுத்தித் தள்ளுங்கள். இழைகள் விலகிச் சின்ன ஜன்னல் தெரிந்தால் அது இழை குறைத்து நெய்த துணி. சாட்டினில் கட்டு குறைவு என்பதால் நெருக்கம்தான் இழைகளை நிறுத்துகிறது. 71 இழை கொள்ளும் இடத்தில் 50 வைத்து நெய்தாலும் கடை விளக்கில் அது மின்னத்தான் செய்யும். உடுத்தி ஒரு விசேஷத்துக்குப் போய் வரும்போதுதான் அக்குளிலும் முதுகுத் தையலிலும் இழை விலகி, தையல் நூல் ஏணியாகத் தெரியும். அங்கே துணி கிழியவே இல்லை, ஒரு இழைகூட அறுந்திருக்காது, தையலை விட்டு நழுவியிருக்கும். இறுக்கமாக இருக்கிற ரவிக்கைக்கு இது ஏறத்தாழ நிச்சயம்.

அதனால் சாட்டின் ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது தையல்காரரிடம் மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள். தையலுக்கு உள்ளே விடும் துணியை வழக்கத்தைவிட அதிகம் விடச் சொல்லுங்கள். அக்குளிலும் முதுகிலும் விரல் நுழையும் அளவுக்குத் தளர்வு கேளுங்கள். பருத்தி லைனிங்கை சாட்டினோடு சேர்த்து ஒரே தையலில் பிடிக்கச் சொல்லுங்கள், இழுவிசை சாதா நெசவு லைனிங் மேல் விழட்டும். லைனிங்கைத் தனியாகத் தொங்கவிட்டால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஏற்கெனவே விலக ஆரம்பித்த ரவிக்கையாக இருந்தால், அதே கோட்டின் மேல் மறுபடி தைப்பதில் பயனில்லை. இழை நழுவிய பகுதியைத் தாண்டி உள்ளே கால் அங்குலம் தள்ளிப் புதுத் தையல் போட வேண்டும், அதற்கு இடம் கொடுக்க வேறு பக்கத்தில் உள்ளே விட்டிருக்கும் துணியைப் பிரித்துவிட வேண்டும்.